பட்டன் என்று மட்டும் சொல்லும் போன்

பெரியம்மாவுக்குக் குளுக்கோமா. நடுப்பார்வை இன்னும் இருக்கிறது, சுற்றுப்பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பார். போனில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னதும், நான் செட்டிங்ஸுக்குப் போய் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்துக் கொடுத்தேன். உருப்பெருக்கியையும் போட்டேன். இரண்டும் அவருக்குக் கஷ்டத்தைத்தான் கூட்டின.

திரையை 2 மடங்கு பெரிதாக்கினால் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதிதான் மிஞ்சும். அதாவது ஒரு நேரத்தில் தெரிவது திரையின் கால் பங்கு. 4 மடங்கு என்றால் பதினாறில் ஒரு பங்கு. மற்றதைப் பார்க்க இரண்டு விரலால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர்களுக்கு இந்தச் சிரமம் தகும். பெரிய எழுத்தை அவர்கள் ஓரப்பார்வையால் பிடித்துவிடுவார்கள். குழாய்ப்பார்வையில் அப்படியில்லை. எழுத்து பெரிதாகப் பெரிதாக, ஒரு சொல்லில் இரண்டு எழுத்துக்கு மேல் உள்ளே வராது. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கும் முன், பார்வையில் எந்தப் பகுதி போயிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் டாக்பேக்கைப் போட்டுக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் திரை வாசிப்பான் அது. ஐபோனில் வாய்ஸ்ஓவர், 2009இல் வந்த 3ஜிஎஸ் மாடலிலிருந்து இருக்கிறது. விரலைத் திரையில் வைத்தால் அங்கே இருப்பதைச் சொல்லும். வேண்டியதைக் கேட்டதும், திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டினால் போதும், கடைசியாகச் சொன்னது திறக்கும். குறி பார்த்துத் தட்டத் தேவையில்லை. வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. இரண்டே நாளில் பெரியம்மா தானே போன் போட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் நாள், பணம் அனுப்பும் ஒரு செயலியைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, எதைத் தொட்டாலும் பட்டன் பட்டன்னுதான் சொல்லுது."

வாங்கிப் பார்த்தேன். திரையில் அழகான படங்கள் வரிசையாக இருந்தன: அம்புக்குறி, மணி, கட்டம் கட்டமான கியூஆர் படம். கண்ணுக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் டாக்பேக் பொதுவாகத் திரையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் தன் திரைக்குப் பின்னால் ஒரு பட்டியலை ஆண்ட்ராய்டிடம் கொடுக்கிறது. இந்த இடத்தில் ஒரு பொருள், அது பட்டன், தட்டலாம், அதன் பெயர் இது என்று கிளை கிளையாக விரியும் பட்டியல். விரல் பட்ட இடத்தில் எந்தப் பொருள் என்று டாக்பேக் அதில் தேடி, கிடைத்த பெயரைக் குரல் எஞ்சினிடம் கொடுக்கிறது. எஞ்சின் அதை ஒலியாக்குகிறது. பெயர் காலியாக இருந்தால், அது பட்டன் என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. செயலியை எழுதியவர் விட்டது இந்த ஒரு வரிதான்:

```
android:contentDescription="பணம் அனுப்பு"
```

இதைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சேர்க்காததால் ஒருவர் தன் பணத்தைத் தானே அனுப்ப முடியாமல் போகிறது. எனக்கு இது கோபம் வரவழைக்கும் விஷயம். டாக்பேக் மெனுவில் நாமே பெயர் சேர்க்க வழி உண்டு. ஆனால் அந்தப் பட்டனுக்குச் செயலியின் உள்ளே ஓர் அடையாளக் குறி இருந்தால்தான் அது நிற்கும். மூன்று பட்டன்களுக்கு அப்படிப் பெயர் வைத்துக் கொடுத்தேன். நான்காவது ஏற்கவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் பிடிஎஃப்பாக வந்தது. திரையில் முத்து முத்தான தமிழ். டாக்பேக்கோ ஆங்கில எழுத்துகளாக உளறியது. முதலில் தமிழ்க் குரல் இறங்கவில்லையோ என்று நினைத்தேன். அதுவும் அடிக்கடி நடக்கும். குரல் எஞ்சினின் செட்டிங்ஸில் தமிழை இறக்கிவிட்டால் சரியாகிவிடும். இங்கே குரல் இருந்தது. கோளாறு அழைப்பிதழில். டிடிபி செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கோப்பில் பதிவாவது இது:

```
mk;kh
```

அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. காது அந்த உருவத்தைப் பார்க்காதே. யூனிகோடில் அடித்திருந்தால் உள்ளேயும் "அம்மா" என்றே இருக்கும், குரலும் அதையே சொல்லும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கலாம். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் வாசிக்கும். mk;kh மாதிரி விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. நகலெடுக்கவே வரவில்லை என்றால் அது பெரும்பாலும் வெறும் படம். நான் அந்த அழைப்பிதழை யூனிகோடில் திரும்ப அடித்து அனுப்பினேன். யாகசாலை பூஜை எத்தனை மணிக்கு என்பதை அன்று பெரியம்மாதான் வீட்டில் எல்லோருக்கும் சொன்னார்.