மாறுவிசை

‘வேரியபிள் ஃபோர்ஸ்’ என்று ஆங்கிலவழி மாணவர்கள் சொல்வதைத் தமிழில் மாறும் விசை, மாறுவிசை, மாறுபடும் விசை, மாறுபட்ட விசை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ஒரு பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன்மீது செயல்படும் விசையின் அளவு, நேரத்தைப் பொறுத்தோ அப்பொருள் இருக்கும் இடத்தைப் பொறுத்தோ மாறிக்கொண்டே வந்தால் அந்த விசையைக் குறிக்க இச்சொல் பயன்படுகிறது. இழுக்க இழுக்கச் சுருள்வில் கூடுதலாக எதிர்ப்பதும், புவியை விட்டு விலக விலக ஈர்ப்பு குறைந்து வருவதும் இடத்தைப் பொறுத்து மாறும் விசைகள். பொருளின் நிறை மாறாதவரை முடுக்கம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால், விசை மாறினால் முடுக்கமும் அதே வகையில் மாறும். இவ்வகைக் கணக்குகளின் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

‘விசை’ பழைய தமிழ்ச் சொல். விரைவு, வேகம், உந்தும் வலிமை ஆகிய பொருள்களில் வழங்கிவந்த அச்சொல்லை இயற்பியல் தனக்கென வரையறுத்து எடுத்துக்கொண்டது; விசைத்தறி, விசைப்படகு ஆகியவற்றில் அதன் பொதுப்பொருள் இன்றும் புழங்குகிறது. ‘மாறு’ என்னும் வினைப்பகுதியோடு அது சேரும்போது மாறுவிசை என்பது வினைத்தொகையாகிறது. மாறிய விசை, மாறுகின்ற விசை, மாறும் விசை என முக்காலத்தையும் வினைத்தொகை உள்ளடக்குவதால், தொடர்ந்து மாறிக்கொண்டிருப்பது என்னும் கருத்துக்கு இது மிகப் பொருத்தமான வடிவம் என்பது என் கருத்து. பிரித்து எழுத விரும்புவோர் ‘மாறும் விசை’ எனலாம். ‘மாறுபட்ட விசை’ என்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது. அது ‘வேறொரு விசை’ என்னும் பொருளையே முதலில் தருகிறது, மாற்றம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்வதில்லை.

‘ஆக்சிலரேஷன்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் முடுக்கம் என்றும், இலங்கையில் ஆர்முடுகல் என்றும் வழங்குகிறோம். முடுகு என்றால் விரைந்து செல். முடுக்கு என்றால் விரையச் செய். யாப்பில் விரைந்த ஓசையுடைய அடிகளை முடுகியல் என்று சொல்லும் வழக்கமும் இதே வேரிலிருந்து வந்தது. இலங்கை நூல்களைப் படிப்போர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: இங்கு நிறை எனப்படுவது அங்கு திணிவு, அங்கு நிறை எனப்படுவது இங்கு எடை. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறது.

மாறுவிசைக் கணக்குகளுக்கு வழிசெய்யும் சொல் தொகையீடு. ‘இன்டக்ரல்’ என்னும் ஐரோப்பியச் சொல், முழுமையானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. யாக்கோபு பெர்னூலி 1690இல் அதை அச்சில் பயன்படுத்தினார். ஆனால் அக்கணக்குமுறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான லைப்னிட்ஸ் அதைக் கூட்டலாகவே கண்டார். 1675இல் அவர் தம் கையெழுத்துக் குறிப்புகளில் பயன்படுத்திய ∫ என்னும் குறி, கூட்டுத்தொகை என்று பொருள்படும் ‘சும்மா’ என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதே. தொகு என்னும் வினையிலிருந்து வந்த தமிழ்ச் சொல், பெர்னூலியின் முழுமையை விட்டு லைப்னிட்ஸின் தொகையோடு ஒத்துப்போகிறது. மாணவருக்கு இதுவே உதவி. ஏனெனில் மாறுவிசைக் கணக்கில் உண்மையில் நடப்பது கூட்டல்தான். மிகச் சிறிய நேரத்துண்டு ஒன்றில் முடுக்கம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. அத்துண்டில் திசைவேகம் எவ்வளவு கூடுகிறது என்று கண்டு, எல்லாத் துண்டுகளையும் தொகுத்தால் மொத்த மாற்றம் கிடைக்கும்.

இதைப் பார்த்தபின், பள்ளியில் மனப்பாடம் செய்யும் இயக்கச் சமன்பாடுகள் தனி விதிகள் அல்ல என்பது தெரியும். முடுக்கம் a = dv/dt என்பதால், திசைவேகத்தில் ஏற்படும் மாற்றம் ∫ a dt. முடுக்கம் மாறிலியாக இருந்தால் அதைத் தொகைக்குறிக்கு வெளியே எடுக்கலாம்; எடுத்தால் v = u + at வருகிறது. மாறாத முடுக்கம் என்னும் நிபந்தனை அந்தச் சமன்பாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. முடுக்கம் மாறும்போது a-ஐ வெளியே எடுக்க முடியாது; எனவே v = u + at, s = ut + ½at², v² = u² + 2as ஆகிய மூன்றும் ஒருசேரச் செல்லாமற்போகின்றன. எஞ்சி நிற்பது அவற்றின் தாய்ச்சமன்பாடான தொகையீடு மட்டுமே.

நேரத்தைப் பொறுத்து மாறும் விசைக்கு ஒரு சிறிய கணக்கு போதும். ஓய்வில் இருக்கும் 2 கிலோகிராம் பொருள் ஒன்றின்மீது F = 12 − 4t நியூட்டன் விசை செயல்படுகிறது; t நொடியில். முடுக்கம் a = 6 − 2t. இதை v = u + at-இல் அப்படியே பதிலிட்டவர், மூன்றாவது நொடியில் முடுக்கம் சுழி என்பதால் திசைவேகமும் சுழி என்று விடை எழுதுவார். தொகையிட்டுப் பார்த்தால்

v = ∫ (6 − 2t) dt = 6t − t²

என வருகிறது; மூன்றாவது நொடியில் v = 9 மீ/நொடி. அது சுழி அல்ல என்பது மட்டுமல்ல, அதுவே அப்பொருள் அடையும் பெருமத் திசைவேகம். அதுவரை முன்னோக்கித் தள்ளிய விசை அந்தக் கணத்தில் தீர்ந்து, பின்னர் எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்குகிறது. பொருள் நிற்பது ஆறாவது நொடியில்தான். தவறான வழி, திசைவேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் சுழியைக் காட்டுகிறது.

இடத்தைப் பொறுத்து மாறும் விசை இதைவிட நுட்பமானது. முடுக்கம் x-இன் சார்பாகத் தரப்பட்டிருக்கும்போது ∫ a dt என்று எழுதுவதில் பயனில்லை. பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதே நாம் இன்னும் அறியாத ஒன்று. x-ஐ மாறிலிபோல் கருதி t-ஐப் பொறுத்துத் தொகையிட்டுவிடுவதே இங்கு நேரும் பெரும்பிழை. இதிலிருந்து தப்பிக்கச் சங்கிலி விதி கைகொடுக்கிறது. dv/dt என்பதை (dv/dx)(dx/dt) என்று பிரித்தால், dx/dt என்பது v என்பதால்,

a = v dv/dx

என்று கிடைக்கிறது. நேரம் சமன்பாட்டிலிருந்து மறைந்துவிட்டது. v ஒரு பக்கமும் x மறுபக்கமுமாகப் பிரித்துத் தொகையிட்டால், ½v² − ½u² = ∫ a dx.

புவியின் மேற்பரப்பிலிருந்து, புவியின் ஆரத்துக்குச் சமமான உயரத்தில் ஒரு பொருளை ஓய்விலிருந்து விடுவோம். காற்றின் தடையையும் புவியின் சுழற்சியையும் கணக்கில் கொள்ளவில்லை. எண்கள் எளிதாக இருக்க R = 6400 கி.மீ., மேற்பரப்பில் g = 10 மீ/நொடி² என்று கொள்வோம். மையத்திலிருந்து x தொலைவில் முடுக்கம் gR²/x²; பொருள் x = 2R-இல் தொடங்கி x = R-இல் தரையைத் தொடுகிறது. x வெளிநோக்கி அளக்கப்படுவதால் விழும் பொருளின் முடுக்கம் எதிர்க்குறி பெறும் என்பதை மறக்கக் கூடாது.

v dv/dx = −gR²/x²

½v² = gR² (1/x − 1/2R)

x = R என்று இட்டால் v² = gR; அதாவது 6.4 × 10⁷. தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 8 கி.மீ.

இதே கணக்கை v² = 2gh என்று போட்டால் என்ன ஆகும்? v² = 2gR என்று வந்து, விடை நொடிக்கு 11.3 கி.மீ. ஆகிவிடும். விழத் தொடங்கும் இடத்தில் முடுக்கம் g/4 தான் என்பதை நினைவில் கொண்டு அதையே முழுத் தொலைவுக்கும் பயன்படுத்தினால் 5.7 கி.மீ. வரும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 5g/8 என்னும் சராசரியை எடுப்போரும் உண்டு, அதுவும் 8.9 கி.மீ. என்று தவறவே செய்கிறது. சரியான விடைக்குத் தேவையான சராசரி g/2. பொருள் கடக்கும் தொலைவின் பெரும்பகுதியில் ஈர்ப்பு வலுவிழந்தே இருக்கிறது. மேற்பரப்பை நெருங்கும்போதுதான் அது விரைவாக ஏறுகிறது. ஆகவே தொலைவைப் பொறுத்த சராசரி, இரு முனை மதிப்புகளின் நடுவைவிடக் குறைந்து நிற்கிறது. முனைகளை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. இடையில் உள்ள ஒவ்வொரு துண்டையும் தொகுக்கும் தொகையீட்டுக்கே தெரியும்.

விடை சரியா என்று பார்க்க நம்பகமான வழி, உயரத்தைப் பொதுவாக h என்று வைத்துக்கொள்வது. அப்போது v² = 2ghR/(R + h) என்று கிடைக்கும். h மிகச் சிறியதானால் இது பழைய 2gh-ஆகச் சுருங்க வேண்டும், சுருங்குகிறது. h = 64 கி.மீ. ஆனாலும் v² ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே குறைகிறது. மாடியிலிருந்து விழும் கல்லுக்குப் பள்ளிச் சமன்பாடு போதுமானதாக இருப்பதன் காரணமும், அது எங்கே கைவிடத் தொடங்கும் என்பதும் இந்த ஒரே வாய்பாட்டில் தெரிகின்றன. தொகையிட்டு வந்த விடை இவ்வாறு பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டால், குறியிலோ தொகையீட்டின் எல்லைகளிலோ பிழை இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த முறை தருவது v² மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். வர்க்கமூலத்துக்கு நேர்க்குறி, எதிர்க்குறி இரண்டும் உண்டு. எதை ஏற்பது என்பதைப் பொருள் செல்லும் திசையைக் கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும். இங்கு x குறைந்துகொண்டே வருவதால் எதிர்க்குறியே சரி.

விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், a = v dv/dx அதோடு விடைதராது; இன்னொரு தொகையீடு வேண்டும். சிறு தொலைவு dx-ஐக் கடக்க ஆகும் நேரம், குறியை விட்டுச் சொன்னால், dx/v. அவற்றைத் தொகுக்க வேண்டும். நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிபியாவின் முதற்பகுதி, 39ஆம் முன்மொழிவில் செய்திருப்பதும் இதுவே. எந்த வகை மையவிசையாயினும், நேர்கோட்டில் ஏறும் அல்லது விழும் பொருளின் வேகத்தை விசைக்கோட்டின் கீழுள்ள பரப்பின் வர்க்கமூலத்தோடு அவர் பொருத்தினார். பின்பு வேகத்தின் தலைகீழைக் கொண்டு இன்னொரு கோடு வரைந்து, அதன் கீழுள்ள பரப்பை நேரமாகக் கொண்டார். நம் கணக்கில் பொருள் ஓய்விலிருந்து கிளம்புவதால் தொடக்கத்தில் 1/v முடிவிலியாகிறது. ஆயினும் பரப்பு முடிவுள்ளதாகவே இருக்கிறது. x = 2R cos²θ என்று பதிலிட்டால் அந்தச் சிக்கல் நீங்கி,

t = (1 + π/2) √(R/g)

என்று வருகிறது. √(R/g) இங்கே 800 நொடி. எனவே பொருள் தரையை அடைய ஏறத்தாழ 2057 நொடி, அதாவது 34 நிமிடம் ஆகும். g மாறாது என்று வைத்து s = ½gt² போட்டவருக்குக் கிடைப்பது 19 நிமிடம்.