ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?

வளையல் கடையில் "ரெண்டு ஆறு கொடுங்க" என்று கேட்கிறோமே, அந்த ஆறு தசமக் கணக்கு இல்லை. ஓர் அங்குலத்தைப் பதினாறு பங்காக்கி அதில் ஆறு பங்கு. 2.4 என்றால் வளையலின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம்; 2.8 என்றால் இரண்டரை. ஆகவே 2.8-க்கு அடுத்த பெரிய அளவு 2.10. இது தெரியாமல் ஆன்லைனில் 2.10-ஐ 2.1 என்று படித்து, சின்ன வளையல் என நினைத்து வாங்கியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

போன வாரம் தங்கைக்கு அளவெடுத்தேன். மணிக்கட்டின் சுற்றளவு 15 செ.மீ. ஆனால் கண்ணாடி வளையலுக்கு மணிக்கட்டு அளவு உதவாது. வழியில் இருக்கும் பெரிய மேட்டைத் தாண்டினால்தானே அங்கே போய்ச் சேரும்? அதனால் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் ஒட்டவைக்கச் சொல்லி, விரல்முட்டிகளுக்கு மேல் கை எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ அங்கே நூலைச் சுற்றினேன். 18.5 செ.மீ. வந்தது. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 59 மி.மீ. 2.4 வளையல் 57 மி.மீ., 2.6 வளையல் 60 மி.மீ. சரி, 2.6 வாங்கலாம்.

இனிதான் வேடிக்கை. அதே கையைத் தட்டையாக நீட்டினால் அகலம் 75 மி.மீ. இருக்கிறது. 60 மி.மீ. வட்டத்துக்குள் அது எப்படி நுழையும்? நீட்டிய கை தட்டையான நீள்வட்டம். சுற்றளவு அடங்கினாலும் அகலம் இடிக்கும். ரப்பர் வளையமாக இருந்தால் கைக்கேற்ப நசுங்கிக் கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. எனவே கைதான் உருண்டையாக வேண்டும். உள்ளங்கை எலும்புகளில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை அநேகமாக அசையாது. மோதிர விரல், சுண்டுவிரல் பக்கத்து எலும்புகள் உள்நோக்கி வளையும். கட்டைவிரலின் அடி மூட்டோ நன்றாகவே மடங்கும். வளையல்காரர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையைப் பிசைவது இந்த அசையும் ஓரங்களை உள்ளே தள்ளத்தான். அந்த நேரத்தில் நாம் கையை விறைத்தால் அவர் பாடு திண்டாட்டம்.

எலும்பு அடங்கினாலும் தோல் விடாது. வளையல் அதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். புறங்கைத் தோல் மடிந்து குவிந்து, இல்லாத பருமனை உண்டாக்கிவிடும். சோப்பு நுரை போட்டால் வளையல் தோலைப் பிடித்து இழுக்காமல் அதன்மேல் வழுக்கிப் போகிறது.

பிரேஸ்லெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொக்கி இருப்பதால் மணிக்கட்டு அளவோடு ஒன்றரை செ.மீ. கூட்டினால் போதும்.

நூல் அளவு வாங்கும் நாளுக்குத்தான் பொருந்தும். வெயிலில் கை கொஞ்சம் உப்பும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நீர் கோத்து இன்னும் உப்பும். வளைகாப்புக்குப் பழைய அளவை நம்பி வாங்கிய டஜன், முட்டியிலேயே நின்றுவிடலாம். அந்த வாரமே அளந்து, இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை வாங்குங்கள்.