இடம் பொருந்தினாலும் வேகம் பொருந்தாதது ஏன்?

நொடிக்கு 3,500 மெகாபைட் வேகத்தில் படிக்கும் என்று பெட்டியின் மேல் அச்சிட்ட ஓர் என்விஎம்இ எஸ்எஸ்டியை, 2014-இல் வந்த இன்டெல் இசட்97 வகை மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் பொருத்தினால், சோதனை மென்பொருள் பெரும்பாலும் 800 மெகாபைட்டை ஒட்டிய எண்ணையே காட்டும். வாங்கியவர் கடைக்காரரைச் சந்தேகிப்பார். ஆனால் எஸ்எஸ்டியில் குறையேதும் இல்லை. அதன் தரவு போய்வரும் பாதைதான் குறுகலானது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் அந்தப் பாதையின் அகலத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: எத்தனை தடங்கள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொரு தடமும் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதும். அந்த இசட்97 போர்டுகள் பலவற்றில் எம்.2 ஸ்லாட்டுக்கு இரண்டாம் தலைமுறைத் தடங்கள் இரண்டு மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டாம் தலைமுறைத் தடம் ஒன்று நொடிக்கு 500 கோடி பிட்டுகளை அனுப்பக்கூடியது. எனினும் பெறும் முனை கடிகாரத் துடிப்பைத் தவறவிடாமல் இருப்பதற்காக ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. எஞ்சுவது தடத்துக்கு 500 மெகாபைட், இரண்டு தடங்களுக்கு 1,000 மெகாபைட். தரவுப் பொட்டலங்களின் தலைப்புகளும் ஒப்புகைச் செய்திகளும் அதிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள, 800-க்கு வந்து நிற்கிறோம்.

மூன்றாம் தலைமுறையில் தடத்தின் வேகம் 800 கோடி பிட்டுகளாக மட்டுமே உயர்ந்தது. ஆனாலும் பயன் ஏறத்தாழ இரு மடங்கானது. 128 பிட்டுக்கு 2 பிட் மட்டும் கூடுதலாகச் சேர்க்கும் புதிய முறை வந்து, அந்த 20 விழுக்காட்டு இழப்பு ஒன்றரை விழுக்காடாகச் சுருங்கியதே காரணம். எஸ்எஸ்டி எதிர்பார்ப்பது இத்தகைய தடங்கள் நான்கை, அதாவது ஏறத்தாழ 3,900 மெகாபைட்டை.

கணினியை இயக்கியதும் எஸ்எஸ்டி, போர்டு என்னும் இரு முனைகளும் முதல் தலைமுறை வேகத்தில் பேச்சைத் தொடங்கி, தங்களால் முடிந்ததை ஒன்றுக்கொன்று தெரிவித்து, இருவருக்கும் பொதுவான உச்சத்துக்கு ஏறிக்கொள்கின்றன. எந்த எச்சரிக்கையும் திரையில் வருவதில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதுபோலவே தோன்றும். சிறுசிறு கோப்புகளைப் படிக்கும்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் வர ஆகும் தாமதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், கணினி தொடங்கும் நேரத்தில்கூட பெரிய வேறுபாடு தெரியாது. பெரிய காணொளிக் கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் குறுகல் தெரியவரும்.

கிராபிக்ஸ் கார்டில் இதே கணக்கு வேறு விதமாக வெளிப்படுகிறது. பதினாறு தடங்கள் கொண்ட கார்டு ஒன்றை நான்காம் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டுக்கு மாற்றினால், பெரும்பாலான விளையாட்டுகளில் இழப்பு சொற்பமே. 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அப்படியல்ல. அதற்கு நான்கு தடங்களே உண்டு. நினைவகமும் 4 ஜிகாபைட்தான். விளையாட்டின் படங்கள் அந்த 4 ஜிகாபைட்டைத் தாண்டும்போது மிகுதி கணினியின் ரேமில் தங்கி, தேவைப்படும்போதெல்லாம் ஸ்லாட் வழியாக வந்தாக வேண்டும். கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 144 ஜிகாபைட் தரும். நான்காம் தலைமுறை ஸ்லாட் ஏறத்தாழ 7.9 ஜிகாபைட், மூன்றாம் தலைமுறை ஸ்லாட் அதிலும் பாதி. பழைய போர்டில் காட்சி திடீர் திடீரென நின்று நகர்வது இதனால்தான். பழைய கணினியை மலிவாகப் புதுப்பிக்க நினைப்பவரே வாங்கக்கூடிய விலையில் இருந்த கார்டு, அங்கேதான் அதிகம் தடுமாறுகிறது என்பது ஒரு வேடிக்கை. படத்தரத்தைக் குறைத்து 4 ஜிகாபைட்டுக்குள் அடக்கினால் தடுமாற்றம் பெருமளவு தணியும்.

லினக்ஸில் இதைச் சரிபார்ப்பது எளிது. `lspci` தரும் பட்டியலில் சாதனத்தின் முகவரியைக் கண்டு, அது 02:00.0 என்றால் இப்படிக் கேட்கலாம்:

```
sudo lspci -vv -s 02:00.0 | grep -E "LnkCap:|LnkSta:"
```

`LnkCap` சாதனத்தால் முடிந்ததையும், `LnkSta` இப்போது கிடைத்திருப்பதையும் சொல்லும். நம் எஸ்எஸ்டிக்கு முதல் வரியில் `Speed 8GT/s, Width x4` என்றும், இரண்டாவதில் `Speed 5GT/s`, `Width x2` என்றும் வரும். 8GT/s, 5GT/s என்பவை மேலே சொன்ன 800 கோடி, 500 கோடி பிட்டு வேகங்கள்; x4, x2 என்பவை தடங்களின் எண்ணிக்கை. கிராபிக்ஸ் கார்டை மட்டும் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எம்.2 எஸ்எஸ்டியைத் தாங்கும் அடாப்டர் கார்டு ஒன்றை வாங்கி நீளமான ஸ்லாட்டில் செருகுவது வழக்கமான பரிகாரம். ஆனால் ஸ்லாட்டின் நீளத்தை நம்பக்கூடாது. இத்தகைய பழைய போர்டுகள் பலவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட், சிப்செட் என்னும் துணைச் சில்லிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறைத் தடங்கள் நான்கோடு நின்றுவிடும்; அங்கே 2,000 மெகாபைட்டே உச்சம், அதையும் மற்ற சாதனங்களோடு பகிர வேண்டும். ப்ராசசரின் பதினாறு தடங்களையும் எட்டு எட்டாகப் பிரித்துத் தரும் போர்டாக இருந்தால்தான் எஸ்எஸ்டிக்கு மூன்றாம் தலைமுறைத் தடங்கள் நான்கும் கிடைக்கும். அப்போது கிராபிக்ஸ் கார்டுக்கு எட்டுத் தடங்களே மிஞ்சும். 6500 எக்ஸ்டிக்கு அதனால் ஒன்றும் குறையாது. அது நான்குக்கு மேல் கேட்பதே இல்லை.