பேசி முடித்துவிட்டோம் என்பதைத் தொலைபேசி எப்படித் தீர்மானிக்கிறது?

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாயிக்கு விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. திரையிலுள்ள சிறிய எழுத்துகளைத் தட்டுவது அவருக்கு இயலாத காரியம் என்பதால், மாமா வாங்கிக் கொடுத்த தொலைபேசியில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுவிட்டுப் பேசப் பழகினார். இரண்டு வாரம் கழித்து நான் லயத்துக்குப் போனபோது அவர் சொன்ன முறைப்பாடு இதுதான்: "முழுசா சொல்ல விடுதா பாரு, இந்தப் போனு! மூச்சு விடுறதுக்குள்ள மணி அடிச்சிருது."

அம்மாயியின் தமிழ் தொலைபேசிக்கு விளங்கவில்லை என்றுதான் வீட்டிலிருந்தவர்கள் நினைத்தார்கள். திரையைப் பார்த்தபோது, அவர் சொன்ன முதற்சொல் பிழையின்றி எழுத்தாகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னவை எதுவுமே பதிவாகவில்லை. ஆகவே சிக்கல் விளங்கிக்கொள்வதில் இல்லை, கேட்பதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் இருந்தது.

ஒலிவாங்கி, காற்றின் அதிர்வைப் பெரும்பாலும் விநாடிக்கு 16,000 தடவை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை ஏறத்தாழ 10 மில்லிவிநாடி இடைவெளியில் சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதியில் எவ்வளவு வலு இருக்கிறது என்று மென்பொருள் கணக்கிடுகிறது. இந்தத் துண்டுகள் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகின்றன. ஒன்று, அவற்றிலிருந்து சொற்களை ஊகிப்பது. மற்றொன்று, இப்போது கேட்பது பேச்சா, பேச்சற்ற இடைவெளியா என்று ஒவ்வொரு துண்டுக்கும் தீர்ப்புச் சொல்வது. பேச்சு இல்லை என்ற தீர்ப்பு, வகுத்துவைத்த அளவுக்குத் தொடர்ந்து வந்தால், பேசுபவர் முடித்துவிட்டார் என்று கருதி ஒலிவாங்கி மூடப்படுகிறது. அந்த அளவு கருவிக்குக் கருவி வேறுபடும். பொதுவாக அரை விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடைப்பட்டதாக இருக்கும்.

அம்மாயி அன்று சொல்ல நினைத்தது, "பெரியவனுக்கு, கொழும்புல இருக்கானே, அவனுக்கு கோல் எடு" என்பதாகும். மூடும் அளவு 0.8 விநாடி என்று வைத்துக்கொள்வோம். "பெரியவனுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்குகிறார்; எந்தப் பெரியவன் என்று விளக்க வேண்டுமே என்று யோசிக்கிறார். ஒன்றேகால் விநாடி ஓடிவிடுகிறது. அதற்குள் 125 துண்டுகள் வெறுமையாகக் கடந்திருக்கும். 80ஆவது துண்டிலேயே ஒலிவாங்கி மூடியாயிற்று. கருவியின் கையில் இருப்பது "பெரியவனுக்கு" என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி எதையோ வாசிக்கத் தொடங்குகிறது. அதன் குரலுக்கு மேலாக அம்மாயி சொல்லும் "கொழும்புல இருக்கானே" யாருக்கும் கேட்பதில்லை.

முதியவர்கள் பொதுவாக மெதுவாகப் பேசுகிறார்கள், இடைநிறுத்தங்களும் நீளமாகின்றன. மூச்சின் வலு குறைவதால், வாக்கியத்தின் இறுதியில் குரலும் தாழ்ந்துவிடுகிறது. குரல் தாழும் கடைசிச் சொல்லையே கருவி சில வேளைகளில் இடைவெளி என்று எண்ணிவிடும். மூடும் அளவை இரண்டு விநாடியாகக் கூட்டிவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் அப்படிச் செய்தால், விரைவாகப் பேசி முடித்தவரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு விநாடி சும்மா காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களின் பொறுமையை அளவுகோலாக வைத்தே இதை வகுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மனிதர் இப்படி மௌனத்தை மட்டும் அளப்பதில்லை. "பெரியவனுக்கு" என்று ஒருவர் நிறுத்தினால், தமிழ் தெரிந்த எவரும் வினைச்சொல்லுக்காகக் காத்திருப்பார். "கு" உருபு வந்துவிட்டது, இன்னும் ஏதோ வரவிருக்கிறது என்று காது சொல்லிவிடும். புதிய மென்பொருள்களும் இந்த வழியைக் கற்கின்றன. அதுவரை ஊகித்த சொற்களைப் பார்த்து, வாக்கியம் முடிந்திருக்க எவ்வளவு வாய்ப்புண்டு என்று கணக்கிட்டு, முடியாதது போலத் தெரிந்தால் கூடுதலாகக் காத்திருக்கின்றன. வினை இறுதியில் வரும் தமிழ் இதற்கு வசதியான மொழி என்றே சொல்லலாம். ஆனால் பேச்சுத் தமிழ் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து நடப்பதில்லை. "கோல் எடு, அந்தக் கொழும்பு மகனுக்கு" என்று வினையை முன்னால் போட்டுவிட்டு மீதியைப் பின்னால் சேர்ப்பதுதான் லயத்துப் பேச்சில் சகஜம். அங்கே "எடு" என்றதுமே வாக்கியம் முடிந்துவிட்டது என்று கருவி முன்கூட்டியே மூடிக்கொள்ளக்கூடும்.

ஐபோனின் அணுகல் வசதி அமைப்புகளில், அதன் குரல் உதவியாளரான சிரி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு மூன்று தெரிவுகள் உண்டு. பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், விரலை எடுக்கும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அலெக்சா ஒலிபெருக்கியிலும், பேசி முடிக்கக் கூடுதல் நேரம் தரும் அமைப்பு இருக்கிறது. எனினும் சிரியிலும் அலெக்சாவிலும் தமிழை முதன்மை மொழியாகத் தெரிவுசெய்ய முடியாது என்பதால் அம்மாயிக்கு இவற்றால் பெரிதாகப் பயனில்லை. கூகுளின் குரல் உள்ளீடு தமிழை ஏற்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழுக்கு நான்கு தெரிவுகளும் தருகிறது. மலையகப் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சைவிடத் தமிழ்நாட்டுப் பேச்சுக்கு நெருக்கமானது என்பதால், இலங்கை என்ற தெரிவே சரியாக அமையும் என்று எடுத்த எடுப்பில் கொள்ள வேண்டாம். ஒரே வாக்கியத்தை இரண்டு தெரிவுகளிலும் சொல்லிப் பார்த்தால், எதில் எழுத்து நேராக விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

நாங்கள் கண்ட வழி மிக எளிது. தொடர்புப் பட்டியலில் ஆங்கில எழுத்தில், முழுப்பெயராக இருந்த மாமாவின் பெயரை நீக்கிவிட்டு, "கொழும்பு மகன்" என்று தமிழில் எழுதினோம். எந்த மகன் என்று நடுவில் நின்று விளக்க வேண்டிய தேவை அதோடு ஒழிந்தது. "கொழும்பு மகனுக்கு கோல் எடு" என்பதை ஒரே மூச்சில் சொல்ல இரண்டு விநாடியே போதும். சொல்ல வேண்டியதை மனத்தில் அமைத்துக்கொண்ட பிறகே குறியைத் தொட வேண்டும் என்பதை மட்டும் அம்மாயி சில நாட்கள் பழக வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் இதுவும் தடுமாறுகிறது. தகரக் கூரைமீது விழும் மழையின் இரைச்சல், தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பரந்து கிடப்பது. வலுக் குறைந்த "ச", "த", "ப" போன்ற மெய்யொலிகள் அதில் முதலில் மூழ்கிவிடுகின்றன. "ஆ", "ஓ" போன்ற உயிரொலிகள் ஓரளவு தப்பிக்கின்றன. அதனால் சொற்களின் எண்ணிக்கை சரியாக இருந்தும் சொற்கள் வேறாகித் திரையில் விழும். இரைச்சலையே பேச்சென்று கருவி கருதிவிட்டால் இடைவெளி என்ற தீர்ப்பே வராது. அப்போது நேரெதிரான கோளாறு: அம்மாயி பேசி முடித்த பிறகும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். தொலைபேசியை வாயிலிருந்து 40 சென்ரிமீற்றரில் பிடிப்பதற்குப் பதிலாக 20 சென்ரிமீற்றரில் பிடித்தால், ஒலிவாங்கியை நேரே அடையும் குரலின் சக்தி ஏறத்தாழ நான்கு மடங்காகும். மழையின் இரைச்சலோ எங்கே பிடித்தாலும் ஒரே அளவுதான். தூறலுக்கு இது போதுமானதாக இருக்கிறது. அடைமழை பிடித்துக்கொண்டால், அம்மாயி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு மழை ஓயக் காத்திருக்கிறார்.