எத்தனை பங்கு வாங்குவது? ஸ்டாப் லாஸைக் கேளுங்கள்

டிரேடிங் தொடங்கிய புதிதில் நான் எந்தப் பங்காக இருந்தாலும் 100 வாங்குவேன். ஏன் 100 என்று கேட்டால் பதில் கிடையாது, கணக்குப் போட சுலபம், அவ்வளவுதான். நஷ்டத்தோடு வெளியேற முன்கூட்டியே குறித்து வைக்கும் விலைதான் ஸ்டாப் லாஸ்; ஒரு பங்கில் அது அடித்தால் 400 போகும், அடுத்ததில் 3,000 போகும், கஷ்டப்பட்டுச் சேர்த்த நாலைந்து சின்ன லாபங்களை அந்த ஒரே நஷ்டம் விழுங்கிவிடும். பங்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு அந்த 100-ல் இருந்தது.

எண்ணிக்கையை நாம் முடிவு செய்யக் கூடாது, அது கணக்கிலிருந்து விடையாக வர வேண்டும். அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். ஒன்று, இந்த டிரேட் தப்பானால் மொத்தக் கணக்கில் எவ்வளவு போகலாம் என்பது. புதியவர்களுக்கு 1 சதவீதம் என்று வழக்கமாகச் சொல்வார்கள், அரை சதவீதத்தில் தொடங்கினாலும் தப்பில்லை. இன்னொன்று, வாங்கும் விலைக்கும் ஸ்டாப் லாஸ் விலைக்கும் நடுவே உள்ள தூரம்.

```
பங்கு எண்ணிக்கை = (கணக்குத் தொகை × ரிஸ்க் %) ÷ (வாங்கும் விலை − ஸ்டாப் விலை)
```

ஏன் 1 சதவீதம்? தொடர்ந்து 10 டிரேடுகள் தோற்பது நடக்காத விஷயம் இல்லை, பாதிக்குப் பாதி ஜெயிக்கும் முறையில்கூட சில நூறு டிரேடுகள் போட்டால் எப்போதாவது ஒருமுறை அதுபோல் ஒரு வரிசையோ அதற்குக் கொஞ்சம் குறைவானதோ வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1 சதவீத ரிஸ்க்கில் அந்தப் பத்தும் போனால் கணக்கு ஏறக்குறைய 9.6 சதவீதம் குறையும், மீண்டுவிடலாம். 5 சதவீதம் வைத்திருந்தால் 40 சதவீதம் காலி. மிச்சமிருப்பதை வைத்துப் பழைய இடத்துக்கு வர 67 சதவீத லாபம் வேண்டும்.

சரி, ஒரு உதாரணம். கணக்கில் 1,00,000 இருக்கிறது, எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 1 சதவீதம் என்றால் 1,000. ஒரு பங்கு 250-ல் இருக்கிறது, சமீபத்திய இறக்கத்தில் அது 242 வரை போய்த் திரும்பியிருக்கிறது. அந்த 242-ஐ உடைத்துக்கொண்டு கீழே போனால் நம் கணிப்பு தப்பு என்று அர்த்தம், அதனால் ஸ்டாப்பை அதற்குக் கொஞ்சம் கீழே, 240-ல் வைக்கிறோம். தூரம் 10. ஆயிரத்தைப் பத்தால் வகுத்தால் 100 பங்கு. போடும் முதலீடு 25,000.

இந்த 25,000 நம் ரிஸ்க் இல்லை, ரிஸ்க் 1,000தான். புதிதாக வருபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள், "1 சதவீதம் என்றால் 1,000-க்குத்தானே பங்கு வாங்க வேண்டும்?" என்று.

அதே பங்கில் 225-க்குக் கீழே போனால்தான் கணிப்பு தப்பு என்று இன்னொருவர் நினைக்கலாம். அவருக்குத் தூரம் 25, அதனால் 40 பங்கு, முதலீடு 10,000. ஸ்டாப் அடித்தால் அவருக்கும் 1,000தான் நஷ்டம். ஸ்டாப் தள்ளிப் போகப் போக எண்ணிக்கை குறையும், நஷ்டம் அப்படியே இருக்கும்.

இப்போது மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார், கொஞ்சம் சாமர்த்தியசாலி. ஸ்டாப்பை 247-ல் வைத்தால் தூரம் வெறும் 3, 333 பங்கு வாங்கலாம், விலை 10 ஏறினாலே 3,330 லாபம், ரிஸ்க்கோ அதே 1,000தானே என்கிறார். சூத்திரம் அவரைத் தடுக்காது. காகிதத்தில் அவர் சொல்வது சரிதான். ஆனால் இரண்டு இடங்களில் அடி வாங்குவார்.

முதல் இடம், பங்கின் அன்றாட ஆட்டம். சார்ட்டில் ஏடிஆர் என்று ஒரு அளவு இருக்கும், ஒரு நாளில் விலை சராசரியாக எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பதை, முந்தின நாள் முடிவிலிருந்து தாவும் இடைவெளியையும் சேர்த்து, பெரும்பாலும் கடைசி 14 நாட்களுக்குக் காட்டும். இந்தப் பங்குக்கு அது 6 என்று வையுங்கள். தினமும் 6 ஆடுகிற பங்கில் 3 தள்ளி ஸ்டாப் வைத்தால், கணிப்பு சரியாகவே இருந்தாலும் போகிற போக்கில் அடித்துவிட்டுப் பிறகு மேலே போகும். நம்மை மட்டும் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று பலர் புலம்புவது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது இடம்தான் ஆபத்தானது. சில நாட்கள் வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடில் பங்கை ராத்திரி கையில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம். சந்தை மூடியிருக்கும் நேரத்தில் கெட்ட செய்தி வந்து, மறுநாள் காலை விலை நேராக 225-ல் திறக்கிறது. ஸ்டாப் ஆர்டர் என்பது அந்த விலை தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லும் உத்தரவு மட்டுமே, 247-க்கோ 240-க்கோ வாங்க அந்த நேரத்தில் ஆள் இல்லை. இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்ட ஸ்டாப் என்றால் இன்னும் மோசம், விற்காமலேயே நின்றுவிடக்கூடும். மூவரும் 225-ல் வெளியே வந்தார்கள் என்று வைப்போம். 40 பங்குக்காரருக்கு 1,000 நஷ்டம், திட்டமிட்டபடியே. 100 பங்குக்காரருக்கு 2,500. சாமர்த்தியசாலிக்கு 8,325! ஒரே ராத்திரியில் எட்டு டிரேடு நஷ்டம்.

அதனால் சூத்திரத்தோடு ஒரு உச்சவரம்பும் வேண்டும். ஒரே பங்கில் கணக்கின் 25 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். சூத்திரம் 333 என்றாலும் வரம்பு 100 என்றால் 100தான், இரண்டில் எது சிறியதோ அது. நிறுவனம் காலாண்டு முடிவு அறிவிக்கும் நாள் பக்கத்தில் இருந்தால் அதிலும் பாதியாக்கிவிடுவேன், அல்லது விட்டுவிடுவேன். அப்புறம், ஒரே துறையில் நாலு பங்கு வாங்கி ஒவ்வொன்றிலும் 1 சதவீதம்தான் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது, அவை சேர்ந்தே விழும், அது கிட்டத்தட்ட 4 சதவீத ரிஸ்க் உள்ள ஒரே டிரேட்.

செய்யும் வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சார்ட்டைப் பார்த்து ஸ்டாப், அப்புறம் தூரம், கடைசியில் எண்ணிக்கை. எனக்கு 200 பங்கு வேண்டும், அதனால் ஸ்டாப் 245 என்று பின்னாலிருந்து போனால் சாமர்த்தியசாலியின் கதைதான். விடை பின்னமாக வந்தால் கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்குங்கள். காலையில் பங்கு 250-க்குப் பதில் 252-ல் கிடைத்தால் தூரம் 12 ஆகிவிட்டது, பழைய 100-ஐ அப்படியே போடாமல் 83 போடுங்கள். வாங்கிய பிறகு ஸ்டாப்பைக் கீழே இறக்கினால், போட்ட கணக்கு அத்தனையும் அந்த நொடியில் பொய்யாகிவிடும். அடுத்த டிரேடுக்கு 1 சதவீதத்தை அன்றைக்குக் கணக்கில் இருக்கும் தொகையிலிருந்து எடுங்கள், ஆரம்பத்தில் போட்ட தொகையிலிருந்து இல்லை.

கணக்கு உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தோற்ற ஒவ்வொரு டிரேடுக்கும் திட்டமிட்ட நஷ்டம், நடந்த நஷ்டம் இரண்டையும் கட்டணங்களோடு எழுதி வையுங்கள். ஒரு இருபது சேர்ந்ததும் நடந்ததைத் திட்டமிட்டதால் வகுத்துச் சராசரி பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 1.3 வந்தால், விலை நழுவுவதும் இடைவெளித் திறப்பும் கட்டணமும் சேர்ந்து சராசரியாக 30 சதவீதம் கூடுதலாகத் தின்கின்றன. ஸ்டாப்பை நகர்த்த வேண்டாம், தூரத்தை மட்டும் 1.3 ஆல் பெருக்கிக்கொண்டு வகுத்தால் போதும்: 10 இருந்த இடத்தில் 13, 100 பங்கு இருந்த இடத்தில் 76.