வளர்ச்சிச் சார்ட்டில் 2 என்று வந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குழந்தைகளைப் பரிசோதிக்கும் என் அறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் வேலைக்காக மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். யார் வந்தாலும் பெர்சென்டைல் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மாறுவது மட்டும் ஒரே மாதிரி. நாமெல்லாம் மார்க் வாங்கி வளர்ந்தவர்கள், 100க்கு 7 என்றால் ஃபெயில் என்று மனசு தானாகச் சொல்லிவிடுகிறது.

போன வருஷம் ஒரு அம்மா ஒன்பது மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின நாள் வேறோர் இடத்தில் பரிசோதனை முடிந்து கையில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறார்கள். எடை 6.9 கிலோ, பெர்சென்டைல் 7. நீளம் 65 செ.மீ., பெர்சென்டைல் 2. விளக்கம் சொல்ல யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. காலையில் திருச்சியிலிருந்து பாட்டி போனில், "நான் அப்பவே சொன்னேன், உன் பால் பத்தலை" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டுவிட்டார். பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த பசி டானிக் ஒன்று இருக்கிறது, கொடுக்கலாமா என்பதுதான் என்னிடம் வந்த முதல் கேள்வி. (வேண்டாம். அந்த டானிக்குகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. குழந்தையைத் தூங்கவைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது.)

முதலில் அந்த 7 என்ன என்று பார்ப்போம். ஒன்பது மாதமான ஆரோக்கியமான 100 பெண் குழந்தைகளை எடை குறைந்த குழந்தையிலிருந்து தொடங்கி வரிசையில் நிற்கவைத்தால், இந்தக் குழந்தை ஏழாவது இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஆரோக்கியமான என்ற சொல்லைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இந்தச் சார்ட்டுக்காக அளக்கப்பட்டவர்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகள். அந்த வரிசையின் ஏழாவது குழந்தையும் நன்றாக இருந்த குழந்தைதான், மூன்றாவதும் அப்படித்தான். வரிசை என்று ஒன்று இருந்தால் முன்னால் யாராவது நின்றுதானே ஆக வேண்டும்.

அதற்காக 7 என்றால் கவலையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. நேற்று எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய இடத்துக்கு அர்த்தம் வரும்.

நல்லவேளையாக இந்த நாட்டில் அதற்கு வசதி இருக்கிறது. குழந்தை பிறந்ததும் கையில் கொடுக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகம். தனியார் டாக்டரிடம் போகிறவர்கள் அதைத் தடுப்பூசிப் புத்தகம் என்று நினைத்து அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இந்த அம்மா எடுத்து வந்திருந்தார். உள்ளே எடைகள் வரிசையாக இருந்தன: பிறந்தபோது 2.8 கிலோ, 14 வாரத்தில் 5.0, ஆறு மாதத்தில் 6.2, இப்போது 6.9. பெர்சென்டைலாக மாற்றினால் ஏறக்குறைய 16, 7, 9, 7. 14 வாரத்திலிருந்து ஒரே தடத்தில் போகிறாள். கடைசி மூன்று மாதத்தில் 700 கிராம் ஏறியிருக்கிறது, இந்த வயதில் அந்தத் தடத்தில் ஏற வேண்டியதே ஏறக்குறைய அவ்வளவுதான். பிறந்தபோது 16 ஆக இருந்தது, முதல் சில மாதங்களில் 7 ஆனதைப் பற்றிக் கேட்டார். பிறப்பு எடை அம்மாவின் கர்ப்பத்தைச் சொல்வது, அப்புறம்தான் குழந்தை தன் தடத்தைப் பிடிக்கும். முதல் ஆறேழு மாதங்களில் இப்படிக் கொஞ்சம் மேலோ கீழோ நகர்வது சகஜம்.

அந்தப் புத்தகத்தில் பெர்சென்டைல் கோடுகள் இருக்காது. நடுக்கோடு 0, கீழே −2, −3 என்று போட்டிருக்கும். தாளில் ஒன்று, புத்தகத்தில் இன்னொன்று என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே விஷயம்தான். −2 கோடு என்பது பெர்சென்டைலில் 2க்கு மேல் ஒரு பொடி, 0 என்பது 50. இந்தக் குழந்தையின் புள்ளிகள் 0க்கும் −2க்கும் நடுவில், −2க்கு மேலேயே வரிசையாக நின்றன. கிளினிக் சிஸ்டர் இதே குழந்தையைப் பார்த்து "எல்லாம் சரி, அடுத்த ஊசிக்கு வாங்க" என்று அனுப்பியிருப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கோடுகள்தான் பிடிக்கும், ஏனென்றால் பெர்சென்டைல் எண்கள் சம இடைவெளியில் நகர்வதில்லை. ஒன்பது மாதப் பெண் குழந்தை 8.2 கிலோ இருந்தால் 50. அதில் 300 கிராம் குறைந்தால் 37க்குப் போய்விடும், ஒரேயடியாகப் 13 புள்ளி சரிவு. அதே 300 கிராம் 6.9இலிருந்து குறைந்தால் 7இலிருந்து 3 வரைதான். 300 கிராம் என்பது நனைந்த நாப்கின், ஒரு கனமான ஜம்ப்சூட், சற்று முன் குடித்த பால். துணியோடு ஒரு தடவை, துணியில்லாமல் ஒரு தடவை, இரண்டு இடத்தில் இரண்டு தராசு என்றால் எண் எங்கே வேண்டுமானாலும் துள்ளும்.

சரி, நீளத்துக்கு வந்த அந்த 2? தாளைப் பார்த்த உடனே எனக்கு உறுத்தியது இதுதான். 65 செ.மீ. நீளத்துக்கு 6.9 கிலோ என்றால் நீளத்துக்கேற்ற எடை ஏறக்குறைய 40 பெர்சென்டைல், அதாவது கட்டையாக, கொஞ்சம் பூசினாற்போல இருக்க வேண்டும். என் முன்னால் இருந்ததோ மெலிந்த, கைகால் நீண்ட, என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக் கடிக்கிற குழந்தை. எண்களும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவைத்தான். எப்படி அளந்தார்கள் என்று கேட்டேன். கட்டில் மேல் படுக்கவைத்து டேப்பை நீட்டினார்களாம், ஒரே ஆள், குழந்தை அழுதுகொண்டு காலை மடக்கிக்கொண்டிருந்ததாம்.

இரண்டு வயதுக்குக் கீழே நீளம் அளக்க ஒரு பலகை வேண்டும், இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து உச்சி மேல்பலகையில் படும்படி வைக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி, பாதம் நேராக நிற்கும்படி கீழ்ப்பலகையைத் தள்ள வேண்டும். அம்மா தலைப்பக்கம், நான் கால்பக்கம். 67.0. மறுபடி அளந்தோம், 66.9. பெர்சென்டைல் 2 என்றிருந்தது 10 ஆனது. இரண்டு செ.மீ. வித்தியாசத்தில்தான் "வளர்ச்சி குன்றிய குழந்தை" என்ற பட்டம் வந்து போயிற்று. நீளத்துக்கேற்ற எடை இப்போது 15க்கும் 20க்கும் இடையில் வந்தது, கண்ணுக்குத் தெரிந்த குழந்தையும் அதுதான். அம்மா 152 செ.மீ., அப்பா 164. இந்த வீட்டில் 90இல் ஒரு குழந்தை இருந்தால்தான் நான் இரண்டாம் தடவை பார்ப்பேன். ஆனால் பெற்றோர் குள்ளம் என்பதை எல்லாவற்றுக்கும் சமாதானமாகச் சொல்லவும் கூடாது, சின்ன வயதில் சரியான சாப்பாடு கிடைக்காமல் குள்ளமானவர்களும் உண்டு.

இப்போது எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன், என்னை உண்மையில் பயமுறுத்துவது இந்த ரகம்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பையன், ஒரு வயது நிரம்பிய செக்கப். 9.1 கிலோ, பெர்சென்டைல் 30. கூட வந்த ஆயாவுக்கு ஏக சந்தோஷம், பக்கத்து வீட்டுக் குழந்தை பெர்சென்டைல் 10தானாம். புத்தகத்தைத் திறந்தேன். ஆறு மாதத்தில் 8.9 கிலோ, அன்றைக்கு 85ஐத் தாண்டி இருந்திருக்கிறான். ஒன்பது மாதத்தில் 9.1, அது 58. பன்னிரண்டில் அதே 9.1, இன்றைக்கு 30. மூன்று மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை, சார்ட்டில் கோடு தரையில் படுத்துக்கிடக்கிறது. 30 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

என்ன சாப்பிடுகிறான் என்று காலை முதல் ராத்திரி வரை மணிவாரியாகக் கேட்டால்தான் இந்த மாதிரி இடத்தில் விஷயம் வெளியே வரும். அம்மா வேலைக்குத் திரும்பியதிலிருந்து பகலில் நாலு பாட்டில் ரூய்போஸ் என்ற உள்ளூர் மூலிகை டீ, கொஞ்சம் பால், கொஞ்சம் சர்க்கரை. இந்த ஊரில் ரூய்போஸ் குழந்தைக்கு நல்லது என்று பாதி வீடுகளில் நம்புகிறார்கள். வயிறு நிரம்பும், சத்து ஏறாது, சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான். இங்கே எடை ஏறாத குழந்தைக்குக் காசநோயையும் எச்ஐவியையும் கேட்டுப் பார்க்காமல் விடக் கூடாது, அதையும் பார்த்தோம், சிறுநீரையும் பார்த்தோம், ஒன்றுமில்லை. பாட்டில் டீயை நிறுத்தி, பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் எண்ணெய், தினமும் முட்டை என்று மாற்றி ஒரு மாதம் கழித்து வரச்சொன்னேன். 9.6.

எனவே எந்த எண்ணுக்கு உடனே வர வேண்டும் என்று கேட்டால், அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் கோடு படுத்திருந்தால், அல்லது பெர்சென்டைல் சார்ட்டில் அச்சடித்திருக்கும் 85, 50, 15, 3 என்ற கோடுகளில் இரண்டை அடுத்தடுத்துக் கடந்து இறங்கினால், அந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாருங்கள். −2 கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் மறுபடி அளந்து பார்க்க வேண்டும், அதுவும் உண்மையாக இருந்தால் ஏன் என்று தேட வேண்டும். −3க்குக் கீழே என்றாலோ, ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துத்தான் சார்ட்டில் வைக்க வேண்டும். சில ஆப்கள் அதைக் கேட்பதேயில்லை, கேட்காமலே சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை காட்டும்.

அந்தப் பெண் குழந்தை பன்னிரண்டு மாதத்தில் மறுபடி வந்தாள். துணியில்லாமல் 7.5 கிலோ, பலகையில் 71 செ.மீ. எடை இப்போதும் 7ஐ ஒட்டித்தான். பாட்டி இந்தத் தடவை நேரிலேயே வந்திருந்தார். நான் புள்ளியை வைத்து முந்தையதோடு கோடு இழுக்கும்வரை பேசாமல் இருந்தவர், "ஏழுதானா?" என்றார். பேத்தி அதற்குள் பலகையின் கீழ்ப்பக்கத்தை உதைத்துத் தள்ளிவிட்டிருந்தாள்.