அட்ரீனல் வீக்கமென்றால் காசநோய் மட்டும்தானா?

ஐம்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளி ஒருவர். சில மாதங்களாக விட்டுவிட்டுக் காய்ச்சல். பசி இல்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. ஸ்கேனில் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் வீங்கியிருந்தன. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் நம் ஊரில் வேறென்ன இருக்கப்போகிறது என்று காசநோய் மருந்தையே ஆரம்பித்தார்கள். இரண்டு மாதமாகியும் காய்ச்சல் விடாததால், அட்ரீனலில் ஊசி வைத்துச் சதை எடுத்து எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

சாயமேற்றிப் பார்த்தபோது, கிருமிகளை விழுங்கி அழிக்கவேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே சின்னச்சின்ன முட்டை வடிவ ஈஸ்ட்டுகள் அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரான்தான். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் உடல்வெப்ப உருவம் இது. வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் இதே பூஞ்சை இழையிழையாக வளர்கிறது. மண்ணைக் கிளறும்போது பறக்கும் வித்துகளை மூச்சோடு இழுத்தால், நுரையீரலின் 37 டிகிரி வெப்பத்தில் அவை ஈஸ்ட்டாக உருமாறுகின்றன. கங்கைச் சமவெளியில் அதிகம் என்றாலும் தமிழ்நாட்டிலும் இந்த நோயாளிகளைப் பார்க்கிறோம்.

வளர்ப்புக்கு ஒரே சதையை இரண்டு வெப்பநிலையில் வைப்போம். 25 டிகிரியில் வைத்த குழாயில் சில வாரங்களில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை வரும். ஆறு வாரம்வரை காத்திருக்காமல் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பூஞ்சையை ரத்தம் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றி 37 டிகிரியில் வைத்தால் கிரீம் நிற ஈஸ்ட்டாக மாறும். நோயாளி இருமினால் இது தொற்றாது. ஆனால் பஞ்சுபோல் வளர்ந்த குழாயைச் சாதாரண மேசையில் திறந்தால் அங்கே வேலை செய்பவர்களுக்குத் தொற்றும். அதனால் சந்தேகம் இருந்தால் அனுப்பும்போதே படிவத்தில் எழுதிவிடுங்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஃபார்மலின் விஷயம். எடுத்த சதை முழுவதையும் அதில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும். பிறகு வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டையாவது சலைனில் போட்டு அனுப்புங்கள். ஃபார்மலினில் போன துண்டுக்கும் பூஞ்சைக்கான வெள்ளிச் சாயம் கேளுங்கள். சாதாரணச் சாயத்தில் காசநோய்க் கட்டி மாதிரியேதான் தெரியும்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. இவருக்குத் தலைசுற்றல் இருந்தது, ஈறு கறுத்திருந்தது, சோடியமும் குறைவு. அட்ரீனல் ஓய்ந்துபோனதற்கான அடையாளங்கள் இவை. கார்டிசால் அளவு பார்த்து அந்த ஹார்மோனைக் கொடுக்காவிட்டால், பூஞ்சை மருந்து நடக்கும்போதே உயிருக்கு ஆபத்து வரலாம். பூஞ்சைக்கு முதலில் ஊசியாக ஆம்ஃபோடெரிசின், அப்புறம் சுமார் ஓராண்டுக்கு இட்ராகோனசோல். கூடவே காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஓடினால் இட்ராகோனசோல் ரத்தத்தில் நிற்காது. காசநோய் இல்லை என்று உறுதியானதும் மருத்துவரே ரிஃபாம்பிசினை நிறுத்திவிட வேண்டும். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பிட்ட கையோடு போட வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரையை அதோடு சேர்த்து எடுக்கக் கூடாது.